இருபத்து நான்கு வீடுகளை ஒரு தாளில் காட்டுவது எப்படி?

நம்மிடம் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வரும்போது இப்போதெல்லாம் ஒரு புதிய வேலையோடு வருகிறார்கள். இளநிலை மாணவர்களுக்கான மாநாட்டில் தங்கள் ஆய்வைச் சுவரொட்டியாக வைக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். முப்பது பக்கத்தில் எழுதிய திட்டக் கட்டுரையை ஒரே தாளில் காட்ட வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நம்மிடமே வருவார்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் செயலாய்வு செய்யும் ஆசிரியர்களுக்கும் இதே வேலை என்றாவது வரலாம். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சுவரொட்டி என்றால் நமக்குத் திரைப்படமும் தேர்தலும்தான் நினைவுக்கு வரும். ஆய்வுச் சுவரொட்டிக்கும் அதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு: நடந்து போகிறவரை நிறுத்த வேண்டும். வேற்றுமை, நின்றவரிடம் பேச ஆய்வு செய்தவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது. கூடத்தில் வரிசையாகப் பலகைகள் இருக்கும். வருபவர் ஒவ்வொன்றின் முன்னும் சில நொடிகளே செலவிட்டு, நிற்பதா நகர்வதா என்று முடிவு செய்வார். நின்றால் இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். கட்டுரையைச் சுருக்கிச் சிறிய எழுத்தில் ஒட்டுவதால் அந்த நொடிகளும் வீணாகும், நிமிடங்களும் வீணாகும்.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது பார்வையாளர் ஆய்வு ஒன்றின் சுவரொட்டி. ஒரு வானொலியை, தொலைக்காட்சியை, நாடகத்தை யார் பார்க்கிறார்கள், எங்கே, யாரோடு சேர்ந்து பார்க்கிறார்கள், என்ன புரிந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பவரிடமே சென்று கேட்பது பார்வையாளர் ஆய்வு. நம் நாட்டில் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை இஸ்ரோ நடத்திய செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனையில் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் போயின. அவற்றின் பயனை அறியப் பெரிய அளவில் கணக்கெடுப்பு நடந்தது. அதோடு நிற்காமல் மானிடவியல் படித்தவர்கள் சில கிராமங்களில் தங்கி, பெட்டிக்கு முன்னால் உண்மையில் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்து எழுதினார்கள். எத்தனை பேர் என்று சொல்வது முதல் வகை வேலை. எப்படி, ஏன் என்று அருகில் இருந்து பார்ப்பது இரண்டாவது வகை. ஓர் இளநிலை மாணவர் தன் ஊரில் செய்யும் சிறிய ஆய்வு எப்போதும் இரண்டாவது வகைதான். அதன் சுவரொட்டி முதல் வகையைப் போல வேடம் போடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

தலைச்சோலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி சேலத்துக் கல்லூரி ஒன்றில் இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்ட நம் கல்வித் தொலைக்காட்சியை மலையில் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவளுடைய கேள்வி. கீழே வரும் எண்கள் எல்லாம் விளக்குவதற்காக நான் அமைத்துக்கொண்டவை. மலையில் உள்ள நிலைமையின் கணக்காக இவற்றை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவள் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை உள்ள 24 வீடுகளுக்குப் போகிறாள். 5 வீடுகளில் தொலைக்காட்சி இல்லை, அல்லது பழுதாகிக் கிடக்கிறது. மீதி 19 வீடுகள். அவற்றில் 12 வீடுகளில் பிள்ளை பள்ளி விட்டு வரும் நேரத்தில் பாட்டியோ தாத்தாவோ பெரியம்மாவோ ஒருவர் வீட்டில் இருக்கிறார். 7 வீடுகளில் யாரும் இல்லை. பெற்றோர் காப்பித் தோட்டத்திலிருந்து பொழுது சாய்ந்துதான் வருகிறார்கள். கடந்த ஏழு நாள்களில் கல்வித் தொலைக்காட்சியில் ஒரு பாடமாவது பார்த்த பிள்ளைகள், பெரியவர் இருந்த 12 வீடுகளில் 10 பேர். பெரியவர் இல்லாத 7 வீடுகளில் 2 பேர்.

இவ்வளவுதான் ஆய்வின் பயன். இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பார்க்கிறார்களா இல்லையா என்ற கேள்வியைவிட, பெட்டியைப் போட்டுவிட்டு உடன் உட்கார வீட்டில் யார் இருக்கிறார் என்ற கேள்வி இங்கே பெரிதாகத் தெரிகிறது. எழுத்தறியாத பாட்டிகூட இந்த 12 பேரில் இருக்கலாம். ஒரு வகுப்பாசிரியருக்குப் பெற்றோர் கூட்டத்தில் பயன்படக்கூடிய செய்தி இது.

இனி, வழக்கமாக இந்த ஆய்வு எப்படிச் சுவரொட்டி ஆகும் என்று பார்ப்போம். மேலே "மலைவாழ் பழங்குடியின மாணவர்களிடையே கல்வித் தொலைக்காட்சியின் தாக்கம் – ஓர் ஆய்வு" என்று தலைப்பு. அதன் கீழே கல்லூரிச் சின்னம், துறைத்தலைவர் பெயர், வழிகாட்டி பெயர். இடப் பக்கம் முன்னுரை, ஆய்வின் நோக்கம், இலக்கிய ஆய்வு. நடுவில் வட்ட விளக்கப்படம் ஒன்று: "பார்ப்போர் 63%, பார்க்காதோர் 37%". வலப் பக்கம் பரிந்துரைகள். பின்னணியில் மலைமுகட்டில் மேகம் தவழும் ஒளிப்படம், அதன் மேல் வெள்ளை எழுத்து.

இதில் தவறான எண் ஒன்றும் இல்லை. 19 வீடுகளில் 12 என்பது 63 சதவீதம்தான். ஆனாலும் அந்தச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறவர் மனத்தில் என்ன தங்கும்? மலைப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் பாடம் பார்ப்பதில்லை என்பது தங்கும். அதை அவர் இன்னொருவரிடம் சொல்லுவார். நாளை ஒரு கூட்டத்தில் அது மேற்கோளாக வரும். 19 வீடுகளில் கேட்டது ஒரு மலை முழுவதற்கும், ஒரு சமூகம் முழுவதற்கும் தீர்ப்பாகிவிடும். கேட்கப்பட்ட வீட்டார் யாருக்கும் அந்தப் பேச்சு காதில் விழாது. மறுக்கவும் வழி இல்லை. சுவரொட்டியை வடிவமைப்பது அழகு பார்க்கும் வேலை மட்டும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

பெரிய எழுத்தில் எதைப் போடுவது?

2019இல் அமெரிக்காவில் மைக் மாரிசன் என்ற உளவியல் ஆராய்ச்சி மாணவர் ஆய்வுச் சுவரொட்டிக்குப் புதிய அமைப்பு ஒன்றை முன்வைத்தார். கண்டுபிடித்த ஒரே ஒரு செய்தியை, பேச்சு வழக்குக்கு நெருங்கிய எளிய வாக்கியமாக, நடுவில் மிகப் பெரிய எழுத்தில் போடு; மற்ற விவரமெல்லாம் ஓரத்தில் ஒதுங்கட்டும் என்பது அவர் கருத்து. அது உலகெங்கும் பரவியது. தலைப்பு என்பது ஆய்வின் பெயராக இல்லாமல் ஆய்வின் விடையாக இருக்க வேண்டும் என்ற அளவில் அவர் சொன்னது சரி. "தாக்கம் – ஓர் ஆய்வு" என்ற தலைப்பு வாசகருக்கு எதையும் சொல்வதில்லை.

ஆனால் சிறிய ஆய்வில் இந்த அமைப்பை அப்படியே எடுத்தால் ஓர் ஆபத்து உண்டு. விடை பெரிய எழுத்தில் நடுவில் நிற்கும். எத்தனை பேரிடம் கேட்டோம் என்பது ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒதுங்கிவிடும். நடந்து போகிறவர் பெரிய எழுத்தை மட்டும் படிப்பார். எனவே சிறிய ஆய்வுக்கு நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: எண்ணிக்கையும் இடமும் தலைப்பு வாக்கியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டுக்கு இப்படி எழுதலாம்:

"மலைக்கிராமம் ஒன்றில் 19 வீடுகளில் கேட்டோம்: பெரியவர் உடன் இருந்த 12 வீடுகளில் 10இல் பாடம் ஓடியது, இல்லாத 7 வீடுகளில் 2இல் மட்டும்."

சற்று நீளம்தான். ஆனால் இதைத் தனியாகப் பிய்த்து எடுத்துச் சொன்னாலும் பொய்யாகாது. வாக்கியம் ஓடியது, கேட்டோம் என்று இறந்த காலத்தில் இருப்பதையும் கவனியுங்கள். "பெரியவர் இருந்தால் பாடம் ஓடுகிறது" என்று நிகழ்காலத்தில் எழுதினால், எங்கும் எப்போதும் அப்படித்தான் என்ற பொருள் வந்துவிடும். "பெரியவர் இருப்பதால்" என்று ஒரு வேற்றுமை உருபைச் சேர்த்தால் காரணமே சொல்லிவிட்டோம். அந்தக் காரணம் நமக்குத் தெரியாது. பெரியவர் இருக்கும் வீடு சொந்தக் காணி உள்ள வீடாக இருக்கலாம். கையில் கொஞ்சம் பணம் இருப்பதால் மாதாமாதம் கேபிளுக்கோ டிஷ்ஷுக்கோ கட்டணம் தவறாமல் போகலாம். தமிழில் காலமும் உருபும் ஆய்வின் எல்லையைக் காட்டிவிடும். தமிழாசிரியர்கள் இந்த இடத்தில் கணித, அறிவியல் ஆசிரியர்களைவிட நன்றாக உதவ முடியும்.

சதவீதம் வேண்டாம், வீடுகளே போதும்

12இல் 10 என்பது 83 சதவீதம். 7இல் 2 என்பது 29 சதவீதம். 83க்கும் 29க்கும் உள்ள இடைவெளி கண்ணைப் பறிக்கும். ஆனால் ஏழு வீடுகளில் ஒரு வீடு என்பது 14 சதவீதத்துக்கும் மேல். அந்த வாரம் ஒரு வீட்டில் அத்தை வந்து தங்கியிருந்தால் எண் 29இலிருந்து 43க்குத் தாவிவிடும். ஒரு வீட்டு விருந்தாளியால் இவ்வளவு ஆடும் எண்ணைச் சதவீதமாக எழுதினால், அதற்கு இல்லாத உறுதி வந்துவிடுகிறது. மொத்தம் நூறைத் தொடாத ஆய்வில் எண்ணிக்கையை எண்ணிக்கையாகவே எழுதச் சொல்லுங்கள்.

படத்துக்கும் இதே விதிதான். வட்ட விளக்கப்படம் மொத்த எண்ணிக்கையை மறைத்துவிடும். 19 வீடானாலும் 19,000 வீடானாலும் வட்டம் ஒரே அளவு. முப்பரிமாண வட்டம் இன்னும் மோசம், முன்னால் சாய்ந்திருக்கும் துண்டு பெரிதாகத் தெரியும். இதற்குப் பொருத்தமான படம் நம் தொடக்க வகுப்புக் கணக்குப் பாடத்திலேயே இருக்கிறது. படவிளக்கம். ஒரு வீட்டுக்கு ஒரு சிறிய வீட்டுப் படம். மேல் வரிசையில் 12 வீடுகள், அவற்றில் 10 அடர்நிறம், 2 வெறும் கோட்டுருவம். கீழ் வரிசையில் 7 வீடுகள், 2 அடர்நிறம், 5 கோட்டுருவம். இரண்டு வரிசையும் இடப் பக்கம் ஒரே கோட்டில் தொடங்க வேண்டும். வீடுகளின் அளவும் இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போது வரிசையின் நீளமே எத்தனை வீடு என்பதைச் சொல்லும்.

வகுப்பில் ஒரு படத்துக்குப் பத்து மரம், நூறு மரம் என்று அளவு வைப்போம். இங்கே அது கூடாது. ஒரு படம் ஒரு வீடு. பார்ப்பவர் விரலால் எண்ணிப் பார்க்க முடிய வேண்டும். எண்ணிப் பார்க்கவும் செய்வார்கள். எண்ணும்போதே இது எவ்வளவு சிறிய ஆய்வு, ஆனாலும் எவ்வளவு தெளிவான வேறுபாடு என்று இரண்டும் சேர்ந்து மனத்தில் பதியும்.

தொலைக்காட்சி இல்லாத 5 வீடுகளை என்ன செய்வது? பெரும்பாலும் அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். அந்த ஐந்தும் மூன்றாவது வரிசையாகச் சற்றுத் தள்ளி, சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். பக்கத்தில் "ஓடும் தொலைக்காட்சி இல்லை" என்று எழுதினால் போதும். 24 வீடுகளில் ஐந்தில் பாடம் பார்க்கவே வழியில்லை என்பதும் பார்வையாளர் ஆய்வின் செய்திதான்.

நிறம் பற்றி ஒரு சொல். பச்சை, சிவப்பு இரண்டையும் எதிரெதிராகப் பயன்படுத்த வேண்டாம். அந்த இரண்டையும் பிரித்தறிய இயலாதவர்கள் ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்ற அளவில்கூட இருப்பதுண்டு. இன்னொன்று, பார்க்காத வீட்டுக்குச் சிவப்பு அடித்தால் அது குற்றம் செய்த வீடு போலத் தெரியும். ஒரே ஒரு அடர்நீலமும் வெறும் கோடும் போதும்.

எப்படிக் கேட்டோம் என்பதற்கு ஓர் இடம்

படத்துக்குக் கீழே இரண்டு சிறு பகுதிகள் போதும். இடப் பக்கம் "எப்படிக் கேட்டோம்", வலப் பக்கம் "எதைச் சொல்ல முடியாது". முன்னுரையும் இலக்கிய ஆய்வும் கட்டுரையில் இருக்கட்டும்.

முதல் பகுதியில் கேள்வியை கேட்ட சொற்களிலேயே அச்சிட வேண்டும். பார்வையாளர் ஆய்வில் விடையின் பாதி கேள்வியில் இருக்கிறது. கல்லூரிக்குப் போன அக்கா வீட்டுக்கு வந்து "கல்வித் தொலைக்காட்சி பார்க்கிறாயா?" என்று கேட்டால், எந்தப் பிள்ளையும் "ஆமாங்க்கா" என்றுதான் சொல்லும். ஆசிரியராகிய நாமே கேட்டால் சொல்லவே வேண்டாம். "கடைசியாக எப்போது பார்த்தாய்? என்ன பாடம் ஓடியது? யார் பக்கத்தில் இருந்தார்கள்?" என்று கேட்டால் விடை வேறு மாதிரி வரும். பாடத்தின் பெயர் சொல்ல முடியாமல் பிள்ளை விழித்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம். இந்த மூன்று கேள்விகளும் சுவரொட்டியில் அப்படியே இருந்தால், விவரம் தெரிந்த ஒருவர் அந்த இடத்தில்தான் நின்று படிப்பார்.

கேட்ட மாதமும் வேண்டும். மலையில் காப்பிப் பழம் பறிக்கும் மார்கழி, தை மாதங்களில் கேட்பதும் வேலை குறைந்த மாதங்களில் கேட்பதும் ஒன்றல்ல. பறிப்புக் காலத்தில் பாட்டியும் தோட்டத்துக்குப் போய்விடக்கூடும். பெரியவர் இல்லாத 7 வீடுகள் வேறொரு மாதத்தில் மூன்றாகலாம், பத்தும் ஆகலாம். நம் ஆய்வே வீட்டில் யார் இருக்கிறார் என்பதைப் பற்றியது ஆகையால், மாதத்தைச் சொல்லாமல் விட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

வலப் பக்கப் பகுதியை மாணவர்கள் அஞ்சுவார்கள். குறைகளைச் சொன்னால் மதிப்பெண் போய்விடும் என்று நினைப்பார்கள். "காலம் போதாமையால் சிறு மாதிரி" என்ற பொதுவான வரியை எழுதித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அந்த வரியால் யாருக்கும் பயன் இல்லை. நம் எடுத்துக்காட்டில் உண்மையான எல்லைகள் மூன்று. அவள் போன வீடுகள் அவளுக்குத் தெரிந்த வீடுகள், சாலைக்கு அருகில் உள்ளவை. சாலையிலிருந்து நடந்து இறங்கும் தூரத்து வீடுகள் இதில் இல்லை. உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இல்லாததால் கணக்கில் வரவே இல்லை; மலையில் அப்படிப் படிப்பவர்கள் நிறையவே உண்டு. கைப்பேசியில் யூடியூப் வழியாக அதே பாடத்தைப் பார்த்த பிள்ளை "பார்க்கவில்லை" என்ற கணக்கில் சேர்ந்திருக்கலாம். கேள்வி தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றித்தானே இருந்தது! இந்த மூன்றையும் எழுதினால் ஆய்வின் மதிப்பு குறையாது. அடுத்து ஆய்வு செய்ய வருபவர் எங்கே போக வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும்.

எழுத்தின் அளவு

மாநாட்டார் பெரும்பாலும் தாளின் அளவைச் சொல்லிவிடுவார்கள். ஏ1 என்றால் அகலம் 59.4 சென்டிமீட்டர், உயரம் 84.1 சென்டிமீட்டர். கணினியில் வேலையைத் தொடங்கும் முன்பே பக்க அளவை இப்படி வைத்துக்கொள்ள வேண்டும். சிறிய பக்கத்தில் செய்துவிட்டுக் கடையில் பெரிதாக்கச் சொன்னால் படங்கள் மங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஏ1 தாளில் தலைப்பு வாக்கியத்துக்கு 70 புள்ளிக்குக் குறையாமலும், உடல் எழுத்துக்கு 28 புள்ளிக்குக் குறையாமலும் வைக்கலாம். தமிழில் மேலே இகரக் கொக்கியும் கீழே உகரச் சுழியும் வருவதால் வரிக்கு வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடச் சற்று அதிகம் வேண்டும். இல்லாவிட்டால் மேல் வரியின் சுழி கீழ் வரியின் கொக்கியில் முட்டும். இந்த அளவில் மொத்தம் இருநூறு சொற்களுக்கு மேல் வசதியாக அடங்காது. அடங்கவில்லையென்று எழுத்தைக் குறைக்காமல் சொல்லைக் குறைக்க வேண்டும்.

இதைச் சோதிக்கப் பள்ளி அலுவலகத்து அச்சுப்பொறியே போதும். ஏ1 பக்கத்தை ஏ4 தாளில் சுருக்கி அச்சிடுங்கள். நீள அகலம் ஏறத்தாழ 2.8 மடங்கு சுருங்கும். 28 புள்ளி எழுத்து 10 புள்ளியாக வரும். அந்தத் தாளைக் கையை நீட்டிப் பிடித்து, அரை மீட்டர் தொலைவில் வைத்துப் படியுங்கள். சிரமமின்றிப் படிக்க முடிந்தால், பெரிய சுவரொட்டியை ஏறத்தாழ 1.4 மீட்டர் தள்ளி நின்று படிக்க முடியும் என்று பொருள். கூடத்தில் மனிதர் நிற்கும் தூரமும் அதுதான். நாற்பதைத் தாண்டிய நம் கண்ணாலேயே இதைச் சோதிப்பது நல்லது. இருபது வயதுப் பிள்ளைகளின் கண் இதற்குச் சாட்சியாகாது. மதிப்பிட வருபவர்கள் நம் வயதுக்காரர்கள்.

இன்னொரு சோதனை. அதே ஏ4 தாளை இந்த ஆய்வு பற்றி ஏதும் தெரியாத ஓர் ஆசிரியரிடம் பத்து நொடி காட்டிவிட்டுக் கவிழ்த்துவிடுங்கள். என்ன தெரிந்தது என்று கேளுங்கள். "பாட்டி இருந்த வீட்டில் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள், ஏதோ இருபது வீட்டில்" என்று சொன்னால் வேலை முடிந்தது. "கல்வித் தொலைக்காட்சி பற்றி" என்று மட்டும் சொன்னால் தலைப்பு வாக்கியத்தையும் படத்தையும் மாற்ற வேண்டும். "மலைப் பிள்ளைகள் சரியாகப் பார்ப்பதில்லை போல" என்று சொன்னால் உடனே நிறுத்தி, அந்த எண்ணம் எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று தேட வேண்டும்.

அச்சுக்கடையில் தமிழுக்கு மட்டும் நேரும் ஒரு விபத்து உண்டு. வீட்டில் ஒருங்குறியில் தட்டச்சு செய்த கோப்பைக் கடைக்காரர் தன் பழைய மென்பொருளில் திறப்பார். கொம்பும் காலும் இடம் மாறும். "கொ" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போகும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று தனியாக நிற்கும். அவசரத்தில் அதைப் பார்க்காமலே அச்சாகிவிடும். எனவே திருத்தக்கூடிய கோப்பைத் தராமல், எழுத்துருவோடு சேர்த்துச் சேமித்த பி.டி.எஃப். கோப்பைத் தர வேண்டும். அதை வேறொருவர் கைப்பேசியில் ஒரு முறை திறந்து, ஒகர ஓகாரமும் ஐகாரமும் வரும் சொற்களை மட்டும் ஓட்டமாகப் பார்த்தால் போதும். அவை சரியென்றால் மற்றவை பெரும்பாலும் சரி. ஃபிளெக்ஸில் அடித்தால் குழல்விளக்கு பட்டுப் பளபளக்கும். ஒரு பக்கம் நின்றால் பாதி தெரியாது. பளபளப்பில்லாத தடித்த தாள் மேல். மலையிலிருந்து பேருந்தில் கொண்டுபோகிறவர்கள் குழாயில் சுருட்டி, பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளட்டும். பனிக்கு நம் ஊரில் தாள் ஒரே இரவில் அலை அலையாகிவிடும்.

யாருடைய வீடு?

நகரத்தில் 24 வீடுகள் என்றால் யாருக்கும் தெரியாது. மலைக்கிராமத்தில் 24 வீடுகள் என்றால் ஏறத்தாழ எல்லாருக்கும் தெரியும். "தொலைக்காட்சி பழுதாகிக் கிடக்கும் வீடு", "மாலையில் யாரும் இல்லாத வீடு" என்று சொன்னாலே ஊரில் விரல் நீட்டிவிடுவார்கள். பிள்ளை தனியாக இருக்கும் நேரத்தை நாம் சுவரில் ஒட்டிவிடுகிறோம் என்பதும் நினைவில் இருக்கட்டும். எனவே சுவரொட்டியில் ஊர்ப்பெயர் வேண்டாம். "சேர்வராயன் மலையில் ஒரு கிராமம்" என்பது ஆய்வுக்குப் போதும். பிள்ளைகள் பெட்டி முன் உட்கார்ந்திருக்கும் ஒளிப்படமும் வேண்டாம். பெற்றோர் எழுதித் தந்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. மாநாட்டுக் கூடத்தில் எல்லாரும் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். அது எங்கெங்கே போகும் என்று அந்தப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்ல யாராலும் முடியாது.

சமூகத்தின் பெயரையும் யோசித்தே போட வேண்டும். இங்குள்ள பழங்குடியினரின் பெயர் மலையாளி. கீழே சேலத்திலேயே அதைக் கேரளத்தார் என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. வெளிமாநிலத்தவர் வரும் மாநாட்டில் கேட்க வேண்டாம். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நம் எடுத்துக்காட்டில் சமூகத்தை வைத்து எதையும் ஒப்பிடவில்லை. பெரியவர் இருக்கும் வீடு, இல்லாத வீடு என்பதே ஒப்பீடு. ஒப்பிடாத ஒன்றைத் தலைப்பில் ஏற்றினால், வாசகர் விடைக்கான காரணத்தை அங்கேதான் தேடுவார்.

பக்கத்தில் நிற்கும்போது

சுவரொட்டியில் உள்ளதை ஒப்பிப்பது பேச்சல்ல. வந்தவர் படிக்கும்வரை பேசாமல் நிற்கட்டும். அவர் நிமிர்ந்து பார்த்ததும் ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும்: என்ன கேட்டேன், எந்த வீடுகளில், என்ன தெரிந்தது, எது தெரியவில்லை. வீட்டில் ஆடு கட்டிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தால் நல்ல பயிற்சி. அவருக்கு எந்தச் சொல் புரியவில்லையோ அந்தச் சொல் கூடத்திலும் வேண்டியதில்லை.

வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டு கேள்விகள். "இத்தனை சிறிய மாதிரியை வைத்து என்னம்மா சொல்ல முடியும்?" என்பது முதலாவது. தடுமாறாமல் இப்படிச் சொல்லலாம்: "எத்தனை சதவீதம் பேர் பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியாதுங்க. இந்த 19 வீடுகளில் பார்த்ததும் பார்க்காததும் எதோடு சேர்ந்து போனது என்று மட்டும் சொல்ல முடியும். அதைப் பெரிய ஆய்வில் கேட்டுப் பார்க்கலாம்." இரண்டாவது, "அப்படியானால் அரசு என்ன செய்ய வேண்டும்?" இந்தக் கேள்விக்குத்தான் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். கேட்டவுடன் வீட்டுக்கு வீடு இலவசப் பெட்டி, கிராமத்துக்கு ஒரு திரை என்று பரிந்துரை வரிசையாக வரும். பெட்டி இருந்த ஏழு வீடுகளில் ஐந்தில் பாடம் ஓடவில்லை என்பதுதானே ஆய்வில் தெரிந்தது! "பெட்டி மட்டும் போதாது என்று இந்த வீடுகளில் பார்த்தேன். உடன் உட்கார யார் இருக்கிறார் என்பதை எங்கள் பள்ளி ஆசிரியர் பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம்" என்ற அளவில் அவள் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் கேட்டால், படத்தின் மூன்றாவது வரிசையில் சாம்பல் நிறத்தில் நிற்கும் ஐந்து வீடுகளைக் காட்டலாம்.